பரபரப்பை வாசகரிடமே விட்டுவிடுங்கள்

கேள்வி: பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் எங்கள் செய்தித்தளத்துக்கு நிமிடத்துக்கு நிமிடம் நேரலைப் பதிவு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பரபரப்பு குறையாமலும் தப்பு வராமலும் எழுதுவது எப்படி? கடைசியில் தொகுப்புச் செய்தியும் நான்தான் எழுத வேண்டுமாம்.
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: பரபரப்புக்கு அன்றைக்கு என்ன பஞ்சம்? ஏழரை மணிக்கே பிள்ளையின் வயிறு கலங்கிவிடுகிறது. அம்மா விளக்கேற்றிவிட்டுச் சாமி படத்தையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்க்கிறார். போன தீபாவளிக்குக்கூடப் பேசாத பெரியப்பா எட்டரைக்கு அழைத்து, “வந்துடுச்சா?” என்கிறார். இவ்வளவும் இருக்கிற வீட்டுக்குள் நீங்கள் வேறு தனியாகக் கொஞ்சம் பரபரப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டுமா?

ஆனாலும் போகிறார்கள். “8.50: இன்னும் பத்து நிமிடங்களில் முடிவுகள்!” “8.51: இன்னும் ஒன்பதே நிமிடங்கள்!” “8.53: மாணவர்கள் எதிர்பார்ப்பு!” எதிர்பார்க்காமல் என்ன செய்வார்கள்? “8.55: அமைச்சர் வருகை.” “8.56: அமைச்சர் அமர்ந்தார்.” அவர் தண்ணீர் குடித்ததற்கு ஒரு பதிவு, கண்ணாடியைத் துடைத்ததற்கு ஒரு பதிவு என்று போய், ஒன்பது மணிக்கு உண்மையான செய்தி வரும்போது அது இருபத்தேழாவது பதிவாகக் கிடக்கிறது. பதிவெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முகவரி தேடி வந்த பிள்ளை அமைச்சரின் கண்ணாடியைத் தாண்டிப் போயாக வேண்டும்.

நேரலைப் பதிவின் பாதி வேலை முந்தின நாள் மாலையே முடிந்திருக்க வேண்டும். நகராமல் பக்கத்தின் தலையில் நிற்கும் குறிப்பு ஒன்றை அப்போதே எழுதி வைத்துவிடுங்கள். முடிவு எத்தனை மணிக்கு என்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவித்திருக்கிறது, எங்கே பார்ப்பது (tnresults.nic.in, results.digilocker.gov.in), பார்க்க என்னென்ன வேண்டும் (பதிவெண், பிறந்த தேதி). மூன்று வரி போதும். முந்தைய ஆண்டின் தேர்ச்சி விகிதம், மாணவர், மாணவியர் எண்ணிக்கை ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். “கடந்த ஆண்டைவிட அதிகமா, குறைவா?” என்பது ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு எல்லோரும் கேட்கும் கேள்வி. அப்போதுபோய்த் தேடினால் கைக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைத்தான் எழுதுவீர்கள். பெரும்பாலும் அது பத்தாம் வகுப்பின் விகிதமாக இருக்கும்.

அடுத்தது, “இணையதளம் முடங்கியது.” இந்த வாக்கியத்தோடு எனக்கு நீண்ட காலப் பகை. அலுவலகத்தில் ஒருவருடைய கைபேசியில் பக்கம் திறக்கவில்லை என்றால் உடனே மாநிலம் முழுக்க முடங்கிவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். லட்சக்கணக்கானோர் ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டினால் பக்கம் திணறுவது இயல்பு. திணறுவது வேறு, முடங்குவது வேறு. இரண்டு கருவிகளில், இரண்டு வெவ்வேறு இணைய இணைப்புகளில் பாருங்கள். பிறகு பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: “9.06: முதல் முகவரி எங்களுக்குத் திறக்கவில்லை, டிஜிலாக்கர் பக்கம் திறக்கிறது.” படிப்பவருக்கு இதில் ஒரு வழி கிடைக்கிறது. மற்றதில் பயம் மட்டும் கிடைக்கிறது.

நேரக் குறிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவின் தலையில் தானாக விழும் நேரம் நீங்கள் பொத்தானை அழுத்திய நேரம். சம்பவம் நடந்த நேரம் அல்ல. அமைச்சர் ஒன்பது மணிக்கு அறிவித்ததை நீங்கள் 9.07க்கு ஏற்றினால், “சற்றுமுன்” என்று எழுதாதீர்கள். “காலை 9 மணிக்கு அறிவிக்கப்பட்டது” என்று உள்ளே எழுதுங்கள். “சற்றுமுன்”, “இன்று”, “நாளை” ஆகிய மூன்று சொற்களும் இரவு பதினொரு மணிக்குப் படிப்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். தேதியும் மணியும்தான் அவருக்கு உதவும்.

இனிக் கணக்கு. 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மே 8ஆம் தேதி முடிவு வந்தது. தேர்வு எழுதியோர் 7,92,494, தேர்ச்சி 7,53,142, அதாவது 95.03 சதவீதம். மாணவியர் 96.70, மாணவர் 93.16. இப்போது அவசரக்காரர் ஒருவருக்கு மாணவியர், மாணவர் விகிதங்கள் மட்டும் முதலில் கிடைத்துவிட்டன என்று வையுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, “மொத்தத் தேர்ச்சி 94.93” என்று போட்டுவிடுவார். 0.10 புள்ளிதானே வித்தியாசம் என்று தோன்றும். மாணவியர் 4,19,316 பேர் எழுதினார்கள். மாணவர் 3,73,178 பேர்தான். எண்ணிக்கை சமமில்லாதபோது சராசரியின் சராசரி பொய் சொல்லும். தேர்ச்சி பெற்ற 4,05,472 மாணவியரையும் 3,47,670 மாணவரையும் கூட்டி, எழுதியோரின் மொத்தத்தால் வகுத்தால் மட்டுமே 95.03 வரும். உங்கள் கணக்கும் தேர்வுத் துறையின் எண்ணும் ஒத்துப்போனால் ஏற்றுங்கள். ஒத்துப்போகாவிட்டால் தட்டச்சில் எங்கோ ஓர் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு பொறி, முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவது. 2024இல் 94.56. எனவே ஏற்றம் 0.47 சதவீதப் புள்ளி. அதைத் “தேர்ச்சி கிட்டத்தட்ட அரை லட்சம் பேர் கூடியது” என்று எழுதத் துடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்டிலும் எழுதியவர்களின் எண்ணிக்கையே வேறு. 2024இல் எழுதியோர் 7,60,606. அடுத்த ஆண்டு எழுதியவர்களே முப்பதாயிரத்துக்கு மேல் கூடினார்கள். தலைகள் கூடியதையும் விகிதம் கூடியதையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காதீர்கள். “எழுதியோர்” என்பதில் தேர்வுக்கு வராதவர்கள் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். அவர்களையும் சேர்த்து “தோல்வி அடைந்தோர்” என்று ஓர் எண்ணைப் போடுவது பெரிய தப்பு. மேலே உள்ள கணக்கில் தேர்ச்சி பெறாதோர் 39,352 பேர், அவ்வளவுதான்.

“மாநில முதலிடம்” என்ற சொல் உங்கள் பதிவில் வந்தால் எனக்குத் தெரியாமல் எழுதுங்கள். தர வரிசை அறிவிப்பதை 2017ஆம் ஆண்டே நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டு பிளஸ் டூ முடிவு வெளியானபோதே பட்டியல் இல்லை. நல்ல காரியம் என்று அன்றைக்கே எழுதினேன். பிள்ளைகளின் உழைப்பைக் கொச்சைப்படுத்துகிறேன் என்று ஒரு தலைமையாசிரியர் மூன்று பக்கத்துக்குத் திட்டி எழுதினார். அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் தம் பள்ளியின் விளம்பரக் கட்டணத்தில் சலுகை கேட்டிருந்தார். இன்றைக்கும் பத்து மணி ஆனால் பள்ளிகளிலிருந்து அழைப்பு வரும்: “சார், எங்கள் மாணவிதான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்.” அவருக்கு அது எப்படித் தெரியும்? மற்ற பள்ளிகளின் மதிப்பெண்ணை அவர் பார்த்தாரா? “இந்தப் பள்ளி மாணவி 600க்கு இவ்வளவு பெற்றதாகப் பள்ளி தெரிவிக்கிறது” என்று எழுதலாம். அதற்கு மேல் எழுத ஆதாரம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளின் வரிசையை ஒழித்துவிட்டு மாவட்டங்களின் வரிசையை வைத்திருக்கிறார்கள். 2025இல் அரியலூர் 98.82 சதவீதத்தோடு முதலிடம். அதை எழுதுங்கள், தவறில்லை. கடைசி மாவட்டத்தைத் தலைப்பில் தூக்கிப்போட்டு அங்குள்ள ஆசிரியர்களை அடிவாங்க வைக்காதீர்கள்.

தப்பு வந்தே தீரும். வந்தால் பழைய பதிவைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். அந்த எண்ணை ஏற்கெனவே படம்பிடித்து உறவினர் குழுவில் அனுப்பியிருப்பார்கள். உங்கள் பக்கத்தில் வேறு எண் இருந்தால் இரண்டையும் நம்பமாட்டார்கள். “9.20க்கு 94.93 என்று வெளியிட்டோம். சரியான விகிதம் 95.03” என்று புதிய பதிவு ஒன்றும், பழைய பதிவிலேயே ஒரு வரியும் போடுங்கள்.

தொகுப்பு எழுதுவது பதிவுகளைத் தலைகீழாக அடுக்குவது அல்ல. நேரலையில் நேரம்தான் வரிசையைத் தீர்மானித்தது. தொகுப்பில் படிப்பவரின் தேவை தீர்மானிக்கட்டும். மதியம் படிப்பவருக்கு 95.03 இரண்டாவது பத்தி. முதல் பத்தியில் விடைத்தாள் நகலுக்கு எப்போதிருந்து எப்போதுவரை விண்ணப்பிக்கலாம், துணைத்தேர்வு எப்போது, தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் எங்கே கிடைக்கும் ஆகியவை இருக்க வேண்டும். மறுமதிப்பீடு கேட்க நினைப்பவர் முதலில் விடைத்தாள் நகல் பெற்றிருக்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் கடைசி நாளில் ஓடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. கடைசித் தேதி அறிவிக்கப்படாவிட்டால் “அறிவிக்கப்படவில்லை” என்று மணியோடு எழுதுங்கள்; போன ஆண்டுத் தேதியை நிரப்பிவிடாதீர்கள். அமைச்சரின் கண்ணாடி, இன்னும் ஒன்பதே நிமிடங்கள், எதிர்பார்ப்பு எல்லாம் வெட்டப்பட வேண்டும். தொகுப்பின் மேலே “பிற்பகல் 2 மணி நிலவரம்” என்று இருக்கட்டும்.

படம் வேண்டும் என்பார்கள். அன்றைக்கு எடுக்கும் படம் எது என்று எனக்கு இப்போதே தெரியும். நான்கு மாணவிகள் கைகோத்துத் துள்ளுவார்கள். இல்லாவிட்டால் ஆறு மாணவிகள் ஒரே கைபேசிக்குள் தலையை நுழைத்துச் சிரிப்பார்கள். பின்னால் வேப்பமரம். தமிழ்நாட்டில் தேர்வு முடிவு என்றால் பையன்களே இல்லை போல. தேர்ச்சி பெற்ற மூன்றரை லட்சம் பையன்கள் அந்தக் காலை நேரத்தில் எங்கே போனார்கள் என்று எங்கள் புகைப்படக்காரரைக் கேட்டேன். “அவங்க ஸ்கூலுக்கு வரமாட்டாங்க சார், டீக்கடையில நின்னு பார்த்துட்டுப் போயிடுவாங்க” என்றார். டீக்கடைக்குப் போய் எடுக்க வேண்டியதுதானே என்றேன். கடைக்காரர் கடன் பாக்கியைக் கேட்பாராம். யாருடைய பாக்கி என்று நான் கேட்கவில்லை.