லியோன்ல தூங்குற கணக்கு: பணம் போடறதுக்கு முன்னாடி

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க 2022 மார்ச்ல லியோன்லேர்ந்து ரெயூனியன் தீவுல இருக்கற சென் பியேருக்கு வந்துட்டோம். அங்க என் பேர்ல இருந்த நடப்புக் கணக்குல 240 ஈரோ அப்படியே கிடந்துச்சு, சுத்தமா மறந்துட்டேன். இப்ப தம்பி வீட்டுக்கு லெட்டர் வந்திருக்கு, கணக்கு இனாக்தீஃப், அதாவது யாரும் தொடாம தூங்கற கணக்கு ஆயிடுச்சாம், 96 ஈரோ தான் இருக்காம். போன் பண்ணினா வேற கணக்குலேர்ந்து ஒரு வீர்மான், அதாவது பண மாற்றம் போடுங்க, கணக்கு ஓட ஆரம்பிச்சிடும்ங்கறாங்க. 300 ஈரோ போட்டுடலாமா? 144 ஈரோ எங்க போச்சுன்னும் புரியல. தம்பி எடுத்த ஸ்டேட்மென்ட் போட்டோ எல்லாம் அனுப்பியிருக்கேன்.

பதில்: போடாதீங்க தங்கச்சி, இன்னும் ஒரு ஈரோ கூட போடாதீங்க. கணக்கை எழுப்பறதுக்கு பணம் தேவையே இல்ல, நீங்க உயிரோட இருக்கீங்க, இந்தக் கணக்கு என்னோடதுன்னு பாங்க்குக்கு தெரிஞ்சா போதும். இதுக்குன்னே பிரான்ஸ்ல ஒரு சட்டம் இருக்கு, 2014ல போட்டது, எக்கேர் சட்டம்னு சொல்வாங்க, 2016 ஜனவரி 1லேர்ந்து நடைமுறைல இருக்கு, ரெயூனியன்லயும் அதே தான். நடப்புக் கணக்குல 12 மாசம் நீங்க எதுவும் செய்யல, பாங்க்கையும் எந்த விதத்துலயும் தொடர்பு கொள்ளல, அதே பாங்க்ல உங்க பேர்ல இருக்கற வேற கணக்கையும் தொடல, இந்த மூணும் சேர்ந்தா தான் அது இனாக்தீஃப். பாங்க் தானா வட்டி போடறது, ஃபீஸ் எடுக்கறது எல்லாம் நீங்க செஞ்சதா எடுத்துக்க மாட்டாங்க. சேமிப்புக் கணக்குன்னா 12 மாசம் இல்ல, 5 வருஷம்.

அதனால முதல்ல ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, அதே பாங்க்ல உங்க பேர்லயே லிவ்ரே ஆ மாதிரி சேமிப்புக் கணக்கு ஏதாவது இருந்து, அதுல நடுவுல எப்பவாச்சும் பணம் போட்டீங்களா எடுத்தீங்களா? அப்படி இருந்தா நடப்புக் கணக்கை இனாக்தீஃப்னு சொன்னதே தப்பு. கதை அங்கயே மாறிடும். இல்லைன்னு வெச்சுக்கிட்டு மேல சொல்றேன்.

இப்ப அந்த 144. ஸ்டேட்மென்ட்டை வரி வரியா பார்த்தேன். 2022 மார்ச்ல கடைசியா கார்டு போட்டிருக்கீங்க, அதுக்கப்புறம் ஒரு வருஷம் மாசா மாசம் 3,50 ஈரோ பேக்கேஜ் சந்தா போயிருக்கு, மொத்தம் 42. இது நியாயம் தான், ஏன்னா அப்ப கணக்கு இன்னும் இனாக்தீஃப் ஆகல, நீங்களும் சந்தாவை நிறுத்தச் சொல்லல. 240லேர்ந்து 198 ஆச்சு. அடுத்த வருஷம் இனாக்தீஃப் கணக்கு ஃபீஸ்னு 30 எடுத்திருக்காங்க, 168. இதுவும் சட்டப்படி சரி. மூணாவது வருஷம் தான் இடிக்குது. அந்த 30 ஒரு தரம் போயிருக்கு, அது போக மாசா மாசம் அந்த 3,50 திரும்ப ஆரம்பிச்சு 42 தனியா போயிருக்கு, ஒரே வருஷத்துல 72. அப்படித்தான் 96ல வந்து நிக்குது.

சட்டத்துல 30 ஈரோன்னு சொல்றது இனாக்தீஃப் ஃபீஸுக்கு மட்டும் உள்ள வரம்பு இல்ல, அந்தக் கணக்குல ஒரு வருஷத்துல எடுக்கற எல்லா ஃபீஸையும் சேர்த்து தான் 30. கணக்குப் பராமரிப்பு, பேக்கேஜ், என்ன பேர் வெச்சாலும் சரி. பல பேர் இதைத் தெரியாம விட்டுடறாங்க, ஸ்டேட்மென்ட்ல பேர் வேற வேறயா இருக்கறதால ரெண்டும் வேற வேற விஷயம்னு நினைச்சுக்கறாங்க. உங்களுக்கு அதிகமா போனது 42 ஈரோ, அதைத் திருப்பிக் கேளுங்க. முத வருஷ 42ஐயும் ரெண்டு 30ஐயும் உரிமையா கேக்க முடியாது, வேணும்னா அனுதாபத்துல குடுங்கன்னு கேக்கலாம், சில சமயம் பாதி குடுப்பாங்க, ஆனா அதை இந்தக் கடிதத்துல கலக்காதீங்க, உறுதியான கேள்வியோட பலம் குறைஞ்சிடும். எளிமையா சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கு, ஒவ்வொரு ஜனவரியும் பாங்க் முந்தின வருஷம் எடுத்த ஃபீஸ் எல்லாத்தையும் ஒரே தாள்ல இலவசமா அனுப்பியே ஆகணும், உங்களோடது பழைய அட்ரஸுக்குப் போயிருக்கும், அதையும் கேட்டு வாங்குங்க.

பணம் போடாதீங்கன்னு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நான் அடிபட்டிருக்கேன். பாரிஸ்லேர்ந்து இங்க வந்த புதுசுல ஒரு பழைய கணக்கு எனக்கும் இருந்துச்சு, பாங்க் பேர் வேணாம், கவுன்ட்டர்ல இருந்தவர் சொன்னாருன்னு 200 ஈரோ அனுப்பினேன். ஒரு வருஷ சந்தா, நான் எப்பவோ மறந்தது, காசு இல்லாம திரும்பிப் போயிட்டிருந்த ப்ரெலெவ்மான், அதாவது கம்பெனி தானா கணக்குலேர்ந்து எடுத்துக்கற பணம், பணம் வந்த அடுத்த வாரமே எடுத்துக்கிச்சு. அது போக பேக்கேஜ் சந்தா மறுபடி ஓட ஆரம்பிச்சுது. கணக்கு எழுந்துடுச்சுன்னா 30 ஈரோ வரம்பு போயிடும், வழக்கமான ஃபீஸ் எல்லாம் உயிரோட வந்துடும், இதைத்தான் போன்ல யாரும் சொல்ல மாட்டாங்க. ப்ரெலெவ்மானுக்கு நீங்க குடுத்த அனுமதி 36 மாசம் யாரும் பயன்படுத்தலைன்னா தான் தானா காலாவதி ஆகும், அதுக்குள்ள அனுமதி வாங்கின கம்பெனி எப்ப வேணாலும் வந்து எடுக்கலாம். எடுத்துட்டா 8 வாரத்துக்குள்ள பாங்க்கிட்ட திருப்பிப் போடச் சொல்ல உரிமை இருக்கு, ஆனா உண்மையிலயே பாக்கி இருந்தா அந்தக் கம்பெனி உங்களை விடாது. அந்த அலைச்சல் எதுக்கு.

உங்களுக்கு இங்க வேற பாங்க்ல ஓடற கணக்கு இருக்குல்ல, அப்ப லியோன் கணக்கு எதுக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. எனக்குத் தெரிஞ்சு மூடறது தான் சரி. மூடறதுக்கு ஃபீஸ் கிடையாது, நடப்புக் கணக்கு மூடறது இலவசம்னு சட்டமே சொல்லுது, யாராவது கேட்டா குடுக்காதீங்க.

போன்ல பேசிட்டு விட்டுடாதீங்க, எழுத்துல போகணும். சென் பியேர் போஸ்ட் ஆபீஸ்ல ரெக்கொமாந்தே, அதாவது பதிவுத் தபால்ல, கையெழுத்து வாங்கிட்டு திரும்பி வர்ற சீட்டோட அனுப்புங்க, ஒரே கவர்ல ரெண்டு கடிதம். முதல் கடிதத்துல உங்க பேர், கணக்கு நம்பர், புது ரெயூனியன் அட்ரஸ், இங்கத்த போன் நம்பர், கணக்கு என்னோடது தான், பேக்கேஜையும் கார்டையும் இன்னிலேர்ந்து நிறுத்துங்க, ப்ரெலெவ்மான் எதையும் ஏத்துக்காதீங்க, மீதியை இந்த ரிப்ல, அதாவது கணக்கு விவரத் தாள்ல இருக்கற என் கணக்குக்கு அனுப்பிட்டு கணக்கை மூடுங்க, மூடினதுக்கு எழுத்துல பதில் குடுங்க. அடையாள அட்டை நகல், மூணு மாசத்துக்குள்ள வந்த கரன்ட் பில், உங்க பேர்லயே இருக்கற ரிப், இதெல்லாம் வைங்க. ரிப் வீட்டுக்காரர் பேர்ல இருந்தா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க, இதுலயே ஒரு மாசம் போகும். கையெழுத்து பழைய மாதிரி போடுங்க, கல்யாணத்துக்கு முன்னாடி திறந்த கணக்குன்னா அந்தப் பேரையும் சேர்த்து எழுதுங்க.

ரெண்டாவது கடிதம் அந்த 42 ஈரோவுக்கு. இன்ன தேதிலேர்ந்து இன்ன தேதி வரைக்கும் 72 எடுத்திருக்கீங்க, இனாக்தீஃப் கணக்குக்கு வருஷத்துக்கு 30 தான், மிச்சம் 42 திருப்பிப் போடுங்க, அவ்வளவு தான், கோபமா எதுவும் வேணாம். ஸ்டேட்மென்ட்ல அந்த வரிங்களுக்குக் கோடு போட்டு நகல் வைங்க.

ஆன்லைன்ல உள்ள போய் செஞ்சிடலாமேன்னு தோணும். ஒரு சிக்கல் இருக்கு, எஸ்எம்எஸ்ல வர்ற கோட் உங்க பழைய பிரான்ஸ் நம்பருக்குத் தான் போகும், இப்ப உங்க கைல இங்கத்த 0692ஓ 0693ஓ நம்பர் தானே. சில தரம் தப்பா முயற்சி பண்ணினா லாக் ஆகி, புது பாஸ்வேர்டு பழைய அட்ரஸுக்குக் கடிதமா போகலாம், அதுவும் தம்பி வீட்டுக்கு. அந்த நம்பர் இன்னும் யார்கிட்டயாவது ஓடிட்டிருந்தா ஆபத்தும் கூட. அதனால நம்பர் மாத்தறதையும் கடிதத்துலயே வைங்க. போன் பண்ணணும்னா நேரம் பாருங்க, லியோன்ல காலை 9 மணின்னா, அங்க குளிர் காலமா இருந்தா இங்க மதியம் 12, அங்க கோடையா இருந்தா 11.

கடிதம் சேர்ந்த நாளை அந்த சீட்டுல பார்த்து எழுதி வைங்க. அதுக்கப்புறம் எடுக்கற எந்த சந்தாவும் உங்க வாக்குவாதத்துக்குச் சாதகம், நிறுத்தச் சொன்ன தேதி உங்க கைல இருக்குல்ல. 42க்கு ரெண்டு மாசத்துல பதில் வரலைன்னா, இல்ல முடியாதுன்னு வந்தா, அந்த பாங்க்கோட மெதியத்தேருக்கு, அதாவது சச்சரவைத் தீர்க்கற மத்தியஸ்தருக்கு எழுதுங்க, விலாசம் ஸ்டேட்மென்ட் அடிலயோ கட்டண விவரப் புத்தகத்துலயோ இருக்கும், இலவசம், கோப்பு முழுசா சேர்ந்த பிறகு 90 நாள்ல முடிவு சொல்லணும். நேரா மெதியத்தேர்கிட்ட போனா எடுத்துக்க மாட்டாங்க, முதல்ல பாங்க்குக்கு எழுதின கடிதம் வேணும்.

96 ஈரோ தானே, அப்புறம் பார்த்துக்கலாம்னும் விடாதீங்க, வருஷா வருஷம் 30 போனா மூணு வருஷத்துல 6 ஈரோ தான் மிஞ்சும். உங்க அம்மா அப்பா பேர்லயோ, புதுச்சேரிலேர்ந்து வந்து ராணுவத்துலயோ அரசாங்கத்துலயோ வேலை பார்த்த தாத்தா பேர்லயோ பிரான்ஸ்ல பழைய கணக்கு இருந்திருந்தா அதையும் தேடிப் பாருங்க. 10 வருஷம் இனாக்தீஃபா இருந்தா, இல்ல ஆள் இறந்து 3 வருஷம் யாரும் வரலைன்னா, பாங்க் அந்தப் பணத்தை கேஸ் தெ தெப்போங்கற அரசு நிறுவனத்துக்கு அனுப்பிடும். அங்க போயிட்டா ஃபீஸ் கழிக்கறது நின்னுடும், பணம் தொலையாது. இனாக்தீஃபா போனது அங்க 20 வருஷமும், இறந்தவங்களோடது 27 வருஷமும் இருக்கும், அதுக்கப்புறம் தான் அரசாங்கத்துக்குப் போகும். தேடறது ciclade.fr தளத்துல, பேர், பிறந்த தேதி மாதிரி விவரங்களைப் போட்டுத் தேடலாம், எந்தக் கட்டணமும் கிடையாது. தாத்தா பேரை அந்தக் காலத்துல பிரெஞ்சு பேப்பர்ல எப்படி எழுதியிருந்தாங்களோ அதே எழுத்துல போடுங்க, அப்பா பேரும் சொந்தப் பேரும் இடம் மாறி இருக்கும், ரெண்டு விதமாவும் தேடுங்க. கமிஷனுக்குத் தேடித் தர்றேன்னு யாராவது வந்தா அனுப்பிடுங்க.