எடுக்காத போன்தான் உங்கள் கிளைமாக்ஸ்

கேள்வி: மூன்று பாகப் படத்துக்குக் கதை எழுதி வைத்திருக்கிறேன். கதைக்களம் எங்கள் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். முதல் பாகத்தில் நாயகன் தாமிரபரணியில் மணல் அள்ளும் கும்பலைக் கோர்ட்டில் ஜெயிக்கிறான். இரண்டாம் பாகத்தின் முடிவில் வில்லனின் ஆட்கள் முப்பது பேர் வந்து அவனை அடித்துப் போடுகிறார்கள். சண்டை மட்டும் பன்னிரண்டு பக்கம். 'தோல்வியில் முடித்தால் ஜனம் உட்காராது, கடைசியில் சின்னதாக ஒரு வெற்றி வை' என்கிறார் தயாரிப்பாளர். நாயகனை வளர்த்த அக்கா (என் அக்காவை வைத்து எழுதியது) கூப்பிட்டு அவன் போனை எடுக்காத காட்சி ஒன்றும் இருந்தது. நீளம் கருதி வெட்டிவிட்டேன். முடிவை மாற்றட்டுமா?
— சென்னையிலிருந்து ஒரு உதவி இயக்குநர்

பதில்:

தம்பி, பன்னிரண்டு பக்கச் சண்டையை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூட வராத போன் காட்சியை நீளம் கருதி வெட்டினேன் என்கிறீர்கள். இதை நான் நம்ப வேண்டுமா? உங்களிடம் இருந்த ஒரே தோல்வி அதுதான். அதை வெட்டிவிட்டு, முப்பது பேரிடம் அடி வாங்குவதைத் தோல்வி என்று வைத்திருக்கிறீர்கள். முப்பது பேர் சேர்ந்து அடித்தால் யார்தான் விழ மாட்டார்கள்? அதில் நாயகன் செய்தது என்ன இருக்கிறது? உங்கள் தயாரிப்பாளருக்கு அலுப்புத் தட்டியதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அவர் சொன்ன மருந்து தப்பு.

மூன்று பாகக் கதையில் நடுப்படத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. முதல் படம் ஓடுமா, அடுத்தது வருமா என்று யாருக்கும் தெரியாது, அதனால் அதைத் தனியாகவே முடித்துவிட வேண்டும். மூன்றாவது எல்லாக் கணக்கையும் தீர்த்தாக வேண்டும். இந்த இரண்டு கட்டாயமும் இல்லாதது நடுப்படம்தான். முதல் படத்தில் ஜெயித்தவன் அந்த வெற்றியால் எப்படிக் கெட்டான் என்று நிதானமாகக் காட்ட அங்கேதான் இடம் கிடைக்கிறது. எல்லா நடுப்படமும் தோல்வியில்தான் முடிகிறது என்று சொல்ல வரவில்லை. மனதில் நிற்பவை பெரும்பாலும் அப்படி முடிகின்றன.

1980-இல் வந்த 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' பார்த்திருப்பீர்கள். மறுபடியும் பாருங்கள், இந்த முறை பெரிய போர் எங்கே வருகிறது என்று கவனித்துக்கொண்டு. பனிக் கிரகத்தில் ராட்சத இயந்திரங்கள் நடந்து வரும் அந்தப் போர் படத்தின் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். கடைசியில் இருப்பது இரண்டே பேர் போடும் வாள் சண்டை. நீங்கள் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். இன்னொன்று, நாயகன் லூக்கை வில்லன் டார்த் வேடர் தேடிப் போய் அடிக்கவில்லை. நண்பர்கள் வதைபடுவதாக லூக்குக்குத் தெரிகிறது. பயிற்சி முடியவில்லை, இப்போது போகாதே என்று குரு யோடா தடுக்கிறார். மீறிப் போகிறான். போய் யாரைக் காப்பாற்றினான்? அவன் வேடரின் கண்ணில் படுவதற்கு முன்பே நண்பன் ஹானை உறையவைத்துவிட்டார்கள். தோழி லேயா, லாண்டோ என்பவனின் உதவியோடு, லூக் இல்லாமலேயே தப்பிக்கிறாள். கடைசியில் கை வெட்டுப்பட்டு அந்தரத்தில் தொங்குகிற லூக்கைக் காப்பாற்ற அவள்தான் கப்பலைத் திருப்பிக்கொண்டு வருகிறாள். அவன் எடுத்த முடிவுக்கு அவனே விலை கொடுக்கிறான். எதிரிதான் தன் அப்பா என்பது அதற்கு மேல் விழுகிற இடி. அதனால்தான் ஜனம் கோபப்படாமல், அடுத்த படத்துக்காக மூன்று வருஷம் காத்திருந்தது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது சத்யஜித் ராயின் அபு வரிசையில் நடுப்படமான 'அபராஜிதோ', 1956-இல் வந்தது. அதில் வில்லனே கிடையாது. கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறாள். உதவித்தொகை வாங்கிக் கல்கத்தாவுக்குப் படிக்கப் போன மகன் ஊருக்கு வருவது குறைந்துகொண்டே போகிறது. ஒரு தடவை ஸ்டேஷன் வரைக்கும் போனவன் ரயிலைத் தவறவிட்டேன் என்று பொய் சொல்லித் திரும்பி வருகிறான், அம்மாவோடு இன்னும் ஒரு நாள் இருக்க. அந்தப் பாசத்தை ராய் முதலிலேயே காட்டிவிடுவதால் பின்னால் நடப்பது தாங்க முடியாமல் போகிறது. அவள் நோயை மறைக்கிறாள். அவன் வரும்போது அவள் இல்லை. அந்தப் படம் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது, ஆனால் சொந்த ஊர்த் தியேட்டர்களில் முதல் படம் அளவுக்கு ஓடவில்லை. உங்கள் தயாரிப்பாளரின் பயத்தில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. தோல்வியில் முடிப்பவன் அதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

இனி உங்கள் கதை. அக்கா எதற்குக் கூப்பிட்டாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. நான் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் கேஸுக்கு அலைகிற நாயகன், தன் வயலைப் பார்த்துக்கொள்ள, விற்கிற உரிமையும் சேர்த்து, அக்காவுக்குப் பவர் எழுதிக் கொடுக்கட்டும். நல்ல மனசோடுதான் கொடுக்கிறான். இரண்டாம் பாகத்தில் பெயர் வாங்கிவிட்டான், மதுரைக் கிளையில் அப்பீல், வெளியே மைக்கோடு டிவிக்காரர்கள். பிசான நடவுக்குக் கையில் காசில்லை, அத்தானுக்குக் கடன், அக்கா பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் நிற்கிறாள். போன் அடிக்கிறது. திரையில் 'அக்கா' என்று வருகிறது. அவன் கட் பண்ணிவிட்டுப் பேட்டிக்குத் திரும்புகிறான், அதுவும் ஆற்றைக் காப்பாற்றுவது பற்றி. அவள் இன்னொரு தடவை கூப்பிடுகிறாள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறாள். வாங்குகிற ஆளின் பெயர் நாயகனின் கேஸ் கட்டில் மணல்காரனின் பினாமியாக இருக்கிற பெயர். போனில் அந்தப் பெயரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தடுத்திருப்பான். ஆற்றுக்கு இறங்குகிற கரையோர வயல் போய்விட்டது, லாரிக்குப் பாதை கிடைத்துவிட்டது. யாரும் யாரையும் அடிக்கவில்லை.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்குவீர்கள். ஒன்று, பழியைத் தூக்கி அத்தான் தலையில் போடுவது. அவரைக் குடிகாரனாக்கினால் நாயகன் தப்பித்துவிடுவான், படம் செத்துவிடும். இன்னொன்று, வயல் போன செய்தியோடு சட்டென்று திரையை இருட்டாக்கி 'தொடரும்' போடுவது. 'பாகுபலி' 2015-இல் கட்டப்பா ஏன் குத்தினான் என்ற கேள்வியோடு நிறுத்தியது. அது விடுகதை, பதில் தெரிந்ததும் தீர்ந்துபோகும். தோல்விக்குப் பிறகு ஒரு காட்சி வேண்டும், தோற்றவன் முகத்தை ஜனம் பார்க்க வேண்டும். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில். அவள் திட்டவில்லை, சோறு போடுகிறாள். 'நீ கூப்பிட்டியே' என்று அவனால் வாய் திறக்க முடியவில்லை. தயாரிப்பாளர் கேட்கிற சின்ன வெற்றியை இந்த இடத்தில் வைத்தால், மூன்றாம் பாகத்தில் அவன் தீர்க்க வேண்டிய கடன் இல்லாமல் போகும்.

வளர்த்தவள் கூப்பிட்டால் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கோர்ட்டாவது, பேட்டியாவது. எடுக்காதவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவன் கடன்பட்டவன். நீங்கள் அந்தக் காட்சியை வெட்டியதற்கும் நீளத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அக்காவின் எந்தப் போனை எடுக்காமல் விட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் காட்சியை எழுதுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள், பொருள் சேகரிக்க வேண்டாம், சும்மா பேசுங்கள்.

தயாரிப்பாளரிடம் இரண்டாம் பாகத்தை மட்டும் தனியாகக் கொண்டு போகாதீர்கள். மூன்றாம் பாகத்தின் முதல் பத்து நிமிடத்தையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே மூச்சில் கதை சொல்லுங்கள். அந்தப் பன்னிரண்டு பக்கச் சண்டையை வீணாக்க வேண்டாம், இரண்டாம் பாகத்தின் முதல் அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் வையுங்கள். அங்கே அவன் ஜெயிக்கட்டும்.