முதல் போர்ட்ஃபோலியோவில் கால்குலேட்டர் வேண்டாம்

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நன்றாக வருகிறது, ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும், கால்குலேட்டரும் நினைவூட்டல் பட்டியலும் செய்து வைத்திருக்கிறேன், ஆனாலும் வேலை தர யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சிக்கு அவை நல்லவைதான். ஆனால் தளம் செய்யக் கொடுப்பவர் ஒரு கடைக்காரர். தன்னைப் போன்ற இன்னொருவருக்கு நீங்கள் என்ன செய்து கொடுத்தீர்கள் என்றுதான் அவர் பார்ப்பார். மூன்று சின்ன வணிகங்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கத் தளம் போதும்.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடிட்டரைத் திறக்கும் முன் உரிமையாளரிடம் ஒன்று கேளுங்கள்: போனில் மக்கள் அடிக்கடி என்ன விசாரிக்கிறார்கள்? திறந்திருக்கிறதா, எங்கே இருக்கிறது, இந்த வேலை செய்வீர்களா என்பார்கள். இந்த மூன்றுக்கும் பதில் முதல் திரையிலேயே தெரிய வேண்டும். அசையும் படங்களெல்லாம் அப்புறம்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்ப்பார்கள். அதனால் இந்த வரி கட்டாயம்:

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

இது இல்லையென்றால் கைபேசி உலாவி பக்கத்தைக் கணினித் திரை அகலத்துக்கு அமைத்து, பிறகு சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு மாதிரி தெரியும். தொலைபேசி எண்ணை `tel:` இணைப்பாகக் கொடுங்கள், தொட்டதும் அழைக்கலாம். தொடர்புப் படிவத்தை முதல் தளத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் எச்டிஎம்எல் பக்கத்தால் தானாக மின்னஞ்சல் அனுப்ப முடியாது. அதற்குச் சர்வரோ வெளிச் சேவையோ வேண்டும். அது ஒருநாள் நின்றுபோனால், வந்த விசாரணைகள் தொலைந்தது கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது.

அதிகம் சறுக்குவது படங்களில்தான். உரிமையாளர் தரும் கைபேசிப் படம் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். ஆறு படத்தை அப்படியே போட்டால், உங்கள் வைஃபையில் சட்டென்று திறக்கும் பக்கம் தெருவில் நிற்பவருக்குத் திறக்காது. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி அல்லது ஜேபெக்காகச் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் வந்துவிடும். பிறகு உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வேகத்தை வேண்டுமென்றே குறைத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

டொமைன் விஷயத்தில் கறாராக இருங்கள். அதைக் கடைக்காரரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவர் பணத்திலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் கணக்கில் இருந்தால், புதுப்பிக்க நீங்கள் மறக்கும் நாளில் அவர் தளமே மறைந்துவிடும். வேறொருவரிடம் மாற்றவும் உங்களைத்தான் தேடி வர வேண்டும். காசு வாங்காமல் செய்தாலும் சரி, எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், கடை நேரம் மாறினால் அதைத் தளத்தில் யார் போடுவது என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் ஒவ்வொரு தளத்தின் கீழும் நாலு வரி எழுதுங்கள்: கடைக்காரர் கேட்டது, நீங்கள் செய்தது, விட்டது, விட்டதற்குக் காரணம். அவர் சம்மதித்தால் நேரடி இணைப்பும் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இணைப்புகளைத் திறந்து, கடை நேரம் இன்னும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.