ஒறுப்பிழப்பில் முனைமத்தை எப்போது பற்று வைப்பது?

குன்னூர், பிளஸ் டூ மாணவி: சார், 10 ரூபாய் பங்கு, முனைமம் 2. விண்ணப்பத்துக்கு 3, ஒதுக்கீட்டுக்கு முனைமம் சேர்த்து 5, அழைப்பு ரெண்டும் 2, 2. ‘அ’ 300 பங்குக்கு ரெண்டு அழைப்பும் கட்டல. ‘ஆ’ 200 பங்குக்கு விண்ணப்பப் பணம் மட்டும்தான் கட்டினார். ரெண்டு பேருக்கும் முனைமத்தைப் பற்று வெச்சேன், தப்புன்னு அடிச்சுட்டாங்க.

‘அ’வுக்கு வைத்ததுதான் தப்பும்மா. அவர் ஒதுக்கீட்டுப் பணம் கட்டிவிட்டார், முனைமம் கைக்கு வந்துவிட்டது. வந்த முனைமத்தை ஒறுப்பிழப்பில் தொடக்கூடாது. ‘ஆ’விடமிருந்து அது வரவே இல்லை. வராததை முன்பு வரவு வைத்திருக்கிறோம், அதனால் இப்போது எடுத்துவிட வேண்டும்:

பங்குமுதல் க/கு ப 2,000
பத்திர முனைமம் க/கு ப 400
பங்கு ஒதுக்கீடு க/கு 1,000
முதல் அழைப்பு க/கு 400
இறுதி அழைப்பு க/கு 400
பங்கு ஒறுப்பிழப்பு க/கு 600

கடைசி 600 என்பது அவர் கட்டிய 200 × 3. அதைத் தனியாகக் கணக்கிட்டு எழுதுங்கள். மிச்சம் வருவதை அங்கே போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கினால், முனைமத்தை விட்டுவிட்டது கண்ணில் படாமலே போய்விடும். ‘அ’வுக்கு ஒறுப்பிழப்புக் கணக்கில் 300 × 6, அதாவது 1,800.

கூடலூர், பி.காம்.: இதே கணக்குல ‘அ’வோட 300, ‘ஆ’வோட 100 பங்கை 8 ரூபாய்க்கு மறுவெளியீடு. முதலினக் காப்புக்கு 1,120 வருது. புக்ல 1,300.

மொத்தம் 2,400-ஐ 500 பங்குக்குச் சராசரி போட்டிருக்கிறீர்கள். ‘அ’ பங்கில் 6 ரூபாய் கிடக்கிறது, ‘ஆ’ பங்கில் 3 தான். 1,800-உம் 300-உம் சேர்ந்து 2,100. தள்ளுபடி 400 × 2 = 800 போக 1,300. விற்காத 100 பங்கின் 300 ரூபாய் ஒறுப்பிழப்புக் கணக்கிலேயே நிற்கும், இருப்புநிலைக் குறிப்பில் பங்குமுதலோடு கூட்டிக் காட்டவேண்டும்.

கோத்தகிரி, டியூஷன் ஆசிரியர்: 2013 சட்டம் 53-ஆம் பிரிவுப்படி தள்ளுபடியில் வெளியிடவே கூடாதே? 8 ரூபாய்க்குக் கொடுத்தது செல்லாது.

பிரிவைச் சரியாகச் சொன்னீர்கள், ஆனால் அது புது வெளியீட்டுக்கு. இந்தப் பங்குக்கு ஏற்கெனவே பணம் வந்திருக்கிறது. வந்ததற்கு மேல் தள்ளுபடி போகக்கூடாது, அவ்வளவுதான். ‘அ’ பங்கை 4 ரூபாய் வரை இறக்கலாம், ‘ஆ’ பங்கை 7-க்குக் கீழே விடக்கூடாது.

ஊட்டி, தேயிலை விவசாயி: கூட்டுறவு ஃபேக்டரியில எங்கப்பா பேர்ல பங்கு இருக்குங்க. பாக்கி இருந்தா இப்படித்தான் எடுத்துக்குவாங்களா?

இது கம்பெனிக் கணக்குங்க ஐயா. கூட்டுறவுச் சங்கத்துக்குச் சட்டமே வேறு. சங்கத்தின் துணைவிதி நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதைப் பார்க்காமல் நான் சொல்வது சரியாக இருக்காது.

கூடலூர், பி.காம்.: யாரோட பங்குன்னு சொல்லாம ‘400 பங்கு’ன்னு மட்டும் கேட்டா?

முதலில் ஒறுத்ததை முதலில் விற்றதாக எடுப்பவர்களும் உண்டு, சராசரி போடுபவர்களும் உண்டு. நான் முதல் வழியில் போவேன். எதை எடுத்தாலும் அந்த அனுமானத்தைப் பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.