நோட்டீசைப் படிக்கிறார்கள், ஆனால் புரியவில்லையாம்

"தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் வரும் அறிவித்தல்களை நான்தான் தமிழில் எழுதி ஒட்டுகிறேன். எழுத்துப் பிழை கிடையாது. ஆனாலும் வாசித்துவிட்டு, 'என்னண்ணே போட்டிருக்கு?' என்று என்னிடமே கேட்கிறார்கள். என்ன தவறு?" – ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, நீங்கள் அனுப்பிய நோட்டீசையே எடுத்துக்கொள்வோம்:

"தொழிற்சாலை இயந்திரம் பழுதடைந்துள்ளமையினால் நாளை கொழுந்து பறித்தல் நடவடிக்கையானது நிர்வாகத்தினால் மேற்கொள்ளப்பட மாட்டாது என்பதுடன், தொழிலாளர்கள் புல் வெட்டும் பணிகளில் ஈடுபடுத்தப்படுவார்கள்."

இலக்கணம் சரிதான். ஆனால் இது ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு. 'பறி' என்ற நல்ல வினையைப் 'பறித்தல் நடவடிக்கை' என்று பெயராக்கினீர்கள். பெயருக்கு வினை வேண்டுமே, அதனால் 'மேற்கொள்' வந்தது. செய்பவரை 'ஆல்' போட்டுப் பின்னுக்குத் தள்ளியதும் 'மேற்கொள்ளப்பட' ஆயிற்று. ஒரு பிசகு மூன்று பிசகாகிவிட்டது.

எழுதி முடித்ததும் 'ஆல்', 'படு', 'மேற்கொள்' மூன்றையும் தேடி அடிக்கோடிடுங்கள். கோடு விழுந்த இடத்தில் "யார், என்ன செய்கிறார்?" என்று கேளுங்கள். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை இதை எப்படிச் சொல்வார்?

"ஸ்டோர் மிஷின் பழுது. நாளைக்குக் கொழுந்து வேலை இல்லை. புல்லு வெட்டு உண்டு."

தமிழில் 'படு' இல்லாமலே பல வேலைகள் நடக்கும். 'கூட்டம் நடத்தப்படும்' வேண்டாம், 'கூட்டம் நடக்கும்' போதும். 'சம்பளம் வழங்கப்படும்' என்பதைவிட 'சம்பளம் கிடைக்கும்' என்றால் காதில் ஏறும்.

ஒன்றில் மட்டும் கவனம். "தாமதமாக வருவோருக்கு அரைப்பேர் போடப்படும்", அதாவது அரைநாள் சம்பளம்தான், என்று மூலத்தில் இருந்து, யார் போடுவார் என்று அதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் இயல்பாக வரட்டும் என்று 'கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார்' என எழுதினால், மேலிடத்து முடிவு அவர் தலையில் விழும். மறுநாள் சண்டை அவரோடுதான். மேலே கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். கேட்க வழியில்லையென்றால் அங்கே 'படு' இருக்கட்டும், செய்பவரை நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

டவுனில் பக்கக் கணக்கில் காசு வாங்கி மொழிபெயர்த்துத் தருபவர்களிடம் போகாதீர்கள். பக்கம் கூடினால் காசு கூடும், ஆகவே 'பறிப்போம்' அவர்கள் கையில் 'பறிக்கும் நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்' ஆகிவிடும். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் இரண்டு பக்கச் சுற்றறிக்கையை அரைப் பக்கமாக்கிக் கொடுத்தேன். "கனம் குறைந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பினார்கள். தமிழ் அரசகரும மொழியாகி 1987க்குப் பிறகு எத்தனை வருடம்! இன்னும் ஆங்கிலப் பிரதியை நாட்கணக்கில் மேசையில் வைத்திருந்துவிட்டு, தமிழை மட்டும் கடைசி நாள் பின்னேரம் கேட்கிறார்கள். அந்த அவசரத்தில் சொல்லுக்குச் சொல் வைக்காமல் மொழிபெயர்ப்பவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அடுத்த நோட்டீசை ஒட்டுமுன் லயத்தில் யாராவது ஓர் அக்காவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர் "அப்ப நாளைக்கு வேலை இருக்கா, இல்லையா?" என்று கேட்டால் திரும்ப எழுதுங்கள்.