‘காரணமாக’ என்று எழுதலாமா? ஒட்டுறவும் தொடர்புப்போக்கும்: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: சமூகப்பணி மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை

மேடம், நான் கோரிலேஷன் போட்டு எடுத்துட்டுப் போனேன். கைடு பார்த்துட்டு “ரிக்ரஷனும் போடு”ன்னுட்டார். ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு தடவை? (முதுகலை சமூகப்பணி மாணவி)

ஒரே மாவுதான்ம்மா, இட்லி வேற, தோசை வேற. கையால போட்டுப் பார்த்தா சட்டுனு புரிஞ்சுடும், ஒரு தாளை எடுத்துக்கோங்க.

அஞ்சு பசங்க. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் டியூஷன் போனாங்கன்னா 1, 2, 3, 4, 5. வாங்கின மார்க் அதே வரிசையில 40, 50, 45, 60, 55. நான் புரிய வைக்கப் போட்ட கணக்கு இது, யார்கிட்டயும் எடுத்த தரவு இல்லை. சராசரி 3 மணி, 50 மார்க். ஒவ்வொருத்தரும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்காங்கன்னு கழிச்சு, ரெண்டையும் பெருக்கிக் கூட்டினா 40 வரும். மணிநேர விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டினா 10. மார்க் விலகல்களுக்கு அதுவே 250.

இந்த மூணு எண்ணை வெச்சுத்தான் ரெண்டு விடையும் வருது. 40-ஐ, 10 பெருக்கல் 250-ன் வர்க்கமூலத்தால, அதாவது 50-ஆல வகுத்தா 0.8. அது ஒட்டுறவு, அதாவது நீங்க போட்ட கோரிலேஷன். 40-ஐ வெறும் 10-ஆல வகுத்தா 4. அது தொடர்புப்போக்கின், அதாவது ரிக்ரஷனின் சாய்வு: ஒரு மணி நேரம் கூடுதலாப் போன பையனுக்குச் சராசரியா 4 மார்க் கூடுதலா இருக்கு.

இப்ப மணியை நிமிஷமா மாத்திப் போட்டுப் பாருங்க. 0.8 அசையாது. 4 மட்டும் 0.067 ஆயிடும், ஏன்னா அது ‘ஒரு நிமிஷத்துக்கு இத்தனை மார்க்’னு மாறிடுச்சு. ஒட்டுறவுக்கு அலகு கிடையாது, ரெண்டும் எவ்வளவு சேர்ந்து ஆடுதுன்னு மட்டும் சொல்லும். ஒண்ணு இவ்வளவு மாறின இடத்தில் இன்னொண்ணு எவ்வளவு மாறியிருக்குன்னு சாய்வு சொல்லும். உங்க கைடு கேட்டது அந்த ‘எவ்வளவு’.

கோரிலேஷன் காரணத்தைச் சொல்லாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ரிக்ரஷன்ல சார்ந்த மாறி, சாரா மாறின்னு பிரிச்சுத்தானே போடறோம்? அப்போ அது காரணத்தைச் சொல்லிடுதே. (கல்லூரி விரிவுரையாளர்)

பாதி சரி சார். பிரிச்சுத்தான் போடறோம். பிரிக்கிறது யாரு? நாமதான். தரவு பிரிக்கலை.

அதே அஞ்சு பசங்களைத் திருப்பிப் போடுங்க. மார்க்கை வெச்சு டியூஷன் நேரத்தைக் கணிக்கணும். 40-ஐ 250-ஆல வகுத்தா 0.16. அதாவது ஒரு மார்க் கூடுதலா வாங்கின பையன் 0.16 மணி நேரம் கூடுதலா டியூஷன் போயிருக்கான். மென்பொருள் இதையும் முகம் சுளிக்காமப் போட்டுக் கொடுக்கும். நல்ல மார்க் வாங்கறவனைத்தான் வீட்டில் செலவு பண்ணி டியூஷனுக்கு அனுப்பறாங்கன்னு ஒருத்தர் இந்த ரெண்டாவது கோட்டுக்குக் கதை சொன்னா, முதல் கோட்டைக் காட்டி அவரை மடக்க முடியாது. (ஒரு மணிக்கு 4 மார்க்னா ஒரு மார்க்குக்குக் கால் மணின்னு தலைகீழாக்கிட முடியாதுங்கிறதையும் கவனிச்சுக்கோங்க. நான் திருத்தின விடைத்தாள்கள்ல பாதிப் பேர் விழுந்த குழி அது. ரெண்டு சாய்வையும் பெருக்கினா 0.64, அது 0.8-ன் வர்க்கம்.)

இன்னொரு சோதனையும் இருக்கு. இதே அஞ்சு பசங்க கணக்கை SPSS மென்பொருள்ல ஏத்தி, ஒரே ஒரு சாரா மாறி வெச்சு ரிக்ரஷன் ஓட்டிட்டு, `Beta` பத்தியைப் பாருங்க: .800. பக்கத்தில் `Sig.` .104. அப்புறம் தனியா கோரிலேஷன் ஓட்டுங்க. அதே .800, அதே .104. முதல்ல இல்லாத காரணம் ரெண்டாவதில் எங்கிருந்து முளைச்சு வரும்?

அதுக்குத்தானே மத்த காரணிகளையும் உள்ளே சேர்த்துக் கட்டுப்படுத்தறோம்? நாலஞ்சு மாறி சேர்த்துட்டா பிரச்சினை தீர்ந்துச்சே. (தொண்டு நிறுவன மதிப்பீட்டாளர்)

இந்த நம்பிக்கைக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. சமூகப் பிரச்சினை ஒண்ணுக்கு இந்த முறையை முதல்ல பெரிசாப் பயன்படுத்தினவங்கள்ல ஒருத்தர் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் உட்னி யூல், 1899-ல். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அப்ப இங்கிலாந்தில் ஏழைகளுக்கு ரெண்டு விதமா உதவி. ஒண்ணு, வேலை வாங்கிக்கிட்டுச் சோறு போடற விடுதிக்குள்ள போய் இருக்கணும். இன்னொண்ணு, வீட்டிலேயே இருந்து உதவி வாங்கலாம், அதுக்கு வெளியுதவின்னு பேர். வீட்டுக்கே கொடுத்தா ஜனங்க சோம்பேறியாகி ஏழைகள் பெருகுவாங்களாங்கிறதுதான் சண்டை. யூல் வட்டாரம் வட்டாரமா, 1871, 1881, 1891 கணக்குகளை எடுத்தார். உதவி பெறுவோர் விகிதத்தில் வந்த மாற்றத்தை, விடுதியில் இருக்கிற ஒருத்தருக்கு வெளியுதவி வாங்கறவங்க எத்தனை பேர்ங்கிற விகிதத்தில் வந்த மாற்றத்தோட சேர்த்துப் போட்டார். நீங்க சொன்ன மாதிரியே முதியோர் விகிதம், மக்கள்தொகை ரெண்டையும் உள்ளே வெச்சார். லண்டன் பகுதிகளுக்கு, 1871-லிருந்து 1881 வரைக்கும், வெளியுதவிக்கு வந்த கெழு, அதாவது சாய்வு, 0.755. மத்த ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிற இடங்கள்ல, வெளியுதவி விகிதம் 10 சதவீதம் கூடுதலாக் குறைஞ்ச இடத்தில் உதவி பெறுவோர் விகிதம் சுமார் ஏழரை சதவீதம் கூடுதலாக் குறைஞ்சிருக்கு.

பொருளாதார அறிஞர் பிகு இதை ஏத்துக்கலை. நல்லா நிர்வாகம் பண்ற வட்டாரம் வெளியுதவியையும் குறைக்கும், வேற வழிகள்ல ஏழ்மையையும் குறைக்கும். அப்ப ரெண்டும் சேர்ந்து இறங்கினதுக்கு நிர்வாகத் திறமை காரணமா இருக்கலாமே? அந்தத் திறமைக்கு யூலோட அட்டவணையில் பத்தி கிடையாது. எந்தக் கணக்கெடுப்பிலும் எண்ணாததை எப்படிச் சேர்க்கிறது? அஞ்சாவது, ஆறாவது மாறி சேர்த்தாலும் உள்ளே வராத ஒண்ணு வெளியே நிக்கும்.

எனக்கு இன்னொரு உறுத்தல் உண்டு. அந்தக் கணக்கில் ‘ஏழை’ன்னா உதவி வாங்கறவர். வெளியுதவியை நிறுத்தினா, விடுதிக்குப் போக மானம் இடங்கொடுக்காத கிழவி கணக்கிலிருந்தே போயிடுவா. அவ பசி போயிருக்காது. அளக்கிற விதமே விடையில் ஒரு பங்கை எழுதிக் கொடுத்திடுது.

யூல் விவரம் தெரிஞ்சவர். மாற்றத்தில் இவ்வளவு பங்கு இதனால்னு எழுதிட்டு, அடிக்குறிப்பில் ‘கறாராச் சொன்னா, இதனால்னு இருக்கிற இடத்தில் இதோடு தொடர்புடையதுன்னு படிச்சுக்கணும்’னு போட்டிருக்கார். கட்டுரைத் தலைப்பிலேயோ ‘காரணங்கள்’னுதான் இருக்கு. இன்னிக்கு வர்ற ஆய்வேடுகளும் அப்படியேதான். ஒரே வித்தியாசம், அடிக்குறிப்பு மட்டும் காணாமப் போச்சு.

ஆக, புள்ளிவிவரமே பொய்னு எழுதிக்கலாமா? (செய்தியாளர்)

எழுதாதீங்க தம்பி. 0.755 பொய் இல்லை. ‘இனிமே வெளியுதவியைக் குறைச்சா ஏழ்மை குறையும்’னு அதிலிருந்து தாவறதுதான் தப்பு. வெளியுதவி ஏற்கெனவே குறைஞ்ச இடங்கள் எப்படி இருந்துச்சுங்கிறதுக்குத்தான் யூல்கிட்ட சாட்சி இருக்கு. நாமாப் போய்க் குறைச்சா என்ன ஆகும்ங்கிறது வேற கேள்வி.

எங்க பகுதியில் 40 கிராமத்துக்குத் தரவு எடுத்தேன். வெளியூரிலிருந்து வந்து குடியேறினவங்க அதிகமா இருக்கிற கிராமத்தில் பள்ளி இடைநிற்றல் குறைவு. அப்போ குடியேறினவங்க பிள்ளைகளைப் படிக்க வைக்கறாங்கன்னு எழுதிட்டேன். சரிதானே? (கள ஆய்வாளர்)

அந்தப் பக்கத்தை இன்னும் பைண்டிங்குக்குக் கொடுக்கலையே? 1950-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபின்சன் போட்ட கணக்கு கிட்டத்தட்ட உங்களுக்காகவே போட்ட மாதிரி இருக்கும்.

அவர் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்தார். அன்னிக்கு 48 மாநிலம். வெளிநாட்டில் பிறந்தவங்க சதவீதம் கூடின மாநிலத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவங்க சதவீதம் குறைவு. ஒட்டுறவு −0.53. உங்க பாணியில் எழுதினா, ‘வந்தேறிகள்தான் நல்லாப் படிச்சவங்க’. பிறகு தனி ஆட்களை வெச்சு அதே ஒட்டுறவைப் போட்டார். +0.12. குறியே மாறிப்போச்சு. வெளிநாட்டில் பிறந்தவர்தான், கொஞ்சம் கூடுதலா, எழுதப் படிக்கத் தெரியாதவர்.

காரணம், வந்தவங்க போய்க் குடியேறின மாநிலங்கள். உள்ளூர்க்காரங்களுக்கு ஏற்கெனவே எழுத்தறிவு நல்லா இருந்த மாநிலங்களுக்குத்தான் அவங்க பெரும்பாலும் போனாங்க. மாநிலச் சராசரியைத் தூக்கி நிறுத்தினவங்க அந்த உள்ளூர்க்காரங்க.

உங்க 40 கிராமத்திலும் வேலையும் பள்ளியும் பஸ்ஸும் இருக்கிற கிராமத்துக்குத்தான் ஆள் வந்திருப்பாங்களோ என்னமோ. கிராமச் சராசரியை எத்தனை தடவை புரட்டினாலும் அது தெரியாது. வீடு வீடா எடுத்த படிவம் இருந்தா, குடியேறின வீட்டுப் பிள்ளைகளைத் தனியாப் பிரிச்சு எண்ணுங்க. இல்லைன்னா ‘கிராமங்கள்’னு எழுதுங்க, ‘குடியேறியவர்கள்’னு எழுதாதீங்க. சின்ன வயசில் நான் ஒரு கருத்தரங்கில் இதே தப்போட ஒரு கட்டுரை வாசிச்சேன். ஒருத்தரும் கேள்வி கேட்கலை. அது இன்னும் உறுத்துது.

இவ்வளவு அவநம்பிக்கை வேண்டாம் மேடம். சீட்டுக் குலுக்கிப் போட்டா காரணம் தெரியும். ஆய்வாளர்கள் சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் ஊராட்சி இடஒதுக்கீட்டை வெச்சுக் காட்டிட்டாங்களே. (பொருளாதார ஆய்வு மாணவர்)

நல்ல இடத்தில் பிடிச்சீங்க. மத்தவங்களுக்காக: 1993 அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஊராட்சித் தலைவர் பதவியில் மூணில் ஒரு பங்கு பெண்களுக்கு. மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் எந்த ஊராட்சி பெண்ணுக்குங்கிறதைக் குலுக்கல் மாதிரியான முறையில் ஒதுக்கினாங்க. அதனால பெண் தலைவர் இருக்கிற ஊரும் இல்லாத ஊரும் ஏற்கெனவே வேற வேற மாதிரி ஊர்கள்ங்கிற சந்தேகம் எழாது. பிகு யூலைக் கேட்ட கேள்வியை இவங்ககிட்ட கேட்க முடியாது. 2004-ல் வந்த முடிவு: பெண்ணுக்கு ஒதுக்கின ஊர்கள்ல குடிநீருக்குக் கூடுதல் வேலை நடந்திருக்கு, ரெண்டு இடத்திலும். சாலை விஷயத்தில் பீர்பூமில் கூடினது, உதய்ப்பூரில் குறைஞ்சது. அந்தந்த ஊர்ப் பெண்கள் எதைக் கேட்டாங்களோ அதோட இது ஒத்துப் போச்சு.

ஆனா ஒண்ணு. குலுக்கிப் போட்டது ‘இடஒதுக்கீட்டை’. ஒதுக்கீட்டால் வந்த தலைவர் பெண்ணா மட்டும் இருக்கலை, பதவிக்குப் புதுசாவும், பெரும்பாலும் வசதி குறைஞ்சவராவும் இருந்தார். இதில் எது தண்ணிக் குழாயைக் கொண்டு வந்ததுன்னு குலுக்கல் சொல்லாது. அதை அவங்களும் பிரிச்சுப் பார்த்திருக்காங்க, ஆனா அந்தப் பிரிப்பு பழையபடி ரிக்ரஷன்லதான்.

அது வேற ஏதாவது மாறியை வெச்சுச் சரி பண்ணதுதானே? அதை ஏன் நம்பக்கூடாது? (அதே மாணவர்)

நம்பலாம், குலுக்கலை நம்பற அளவுக்கு இல்லை. எவ்வளவு குறைச்சுங்கிறதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம்னு நினைக்கிறேன்.

மேடம், நான் முதல்ல கேட்டவ. கடைசியில் என் ஆய்வேட்டில் என்னதான் எழுதறது?

‘டியூஷன் மார்க்கை உயர்த்துகிறது’ வேண்டாம். ‘ஒரு மணி நேரம் கூடுதலா டியூஷன் போகும் மாணவர்கள் சராசரியா 4 மார்க் கூடுதலா வாங்கியிருக்காங்க’ன்னு உங்க எண்ணைப் போட்டு எழுதுங்க. அடுத்த வரியிலேயே, நீங்க அளக்காத ரெண்டு விஷயத்தைப் பேர் சொல்லி எழுதுங்க: வீட்டு வருமானம், போன வருஷ மார்க். போன வருஷ மார்க் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கும், கேட்டுப் பாருங்க. கிடைச்சா அதைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்க. 4-ங்கிறது 1-ஆ இறங்கினாலும் பயந்து பழைய அட்டவணையை வெச்சுக்காதீங்க, ரெண்டு அட்டவணையையும் பக்கம் பக்கமாப் போடுங்க. வைவாவில் அதைத்தான் முதல்ல புரட்டுவாங்க.