தூக்கத்துக்குக் குவெட்டியாபின்: எடை ஏன் ஏறுகிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு 54 வயது. தூக்கம் வராததால் குவெட்டியாபின் 50 எழுதினார்கள். நன்றாகத் தூங்குகிறார். மூன்று மாதத்தில் 58 கிலோ 62 ஆகிவிட்டது, வெறும் வயிற்று சுகர் 96லிருந்து 109. டாக்டர் நிறுத்தலாம் என்கிறார். தூங்குகிறவருக்கு ஏன் நிறுத்த வேண்டும்?

பதில்: இது மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்குமான மருந்து. அங்கே நாளுக்கு 300 முதல் 800 மி.கி. வரை போகும். 50 மி.கி.யில் முக்கியமாக நடப்பது ஒன்றுதான்: மூளையில் ஹிஸ்டமினின் வேலையை அது தடுக்கிறது. நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு உண்டு. 'வயிறு நிறைந்தது, போதும்' என்று சொல்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் தூக்கம் வரும்போது பசியும் சேர்ந்தே வருகிறது.

அம்மா மாத்திரை போட்டபின் படுப்பதற்குள் என்ன சாப்பிடுகிறார் என்று நான்கு நாள் கவனியுங்கள். சர்க்கரை போட்ட டீயும் இரண்டு வர்க்கியும் என்றால், எடை ஏறிய வழி அதுவாக இருக்கலாம்.

தொடங்கியபோது இருந்த எடையில் 5 சதவீதம் ஏறினால் மருந்தை மறுபரிசீலனை செய்வது வழக்கம். 58க்கு அது 2.9 கிலோ, அம்மா 4 கிலோ ஏறியிருக்கிறார். ஆனால் இரண்டு முறையும் ஒரே மாதிரி உடையில் எடை பார்த்தார்களா? நம் ஊர்க் குளிரில் ஸ்வெட்டரும் சால்வையும் ஒரு கிலோவைக் கூட்டிக் காட்டும். ஒரு கிலோவைக் கழித்தாலும் எல்லை தாண்டிவிட்டது. சுகர் 100 முதல் 125 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. இரண்டும் சேர்ந்து வந்திருப்பதால் டாக்டர் சொல்வது சரி.

குன்னூர், மருந்துக்கடைப் பணியாளர்: எடை ஏறுவதெல்லாம் பெரிய டோஸில்தானே? 25, 50க்கு ரத்தப் பரிசோதனை எதற்கு?

பதில்: பெரிய டோஸில் ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் சிறிய டோஸில் இல்லை என்பது தவறு, 25லும் எடை ஏறியவர்கள் உண்டு. டாக்டர்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மனச்சிதைவில் கிடைக்கும் பலன் பெரியது, எடையைப் பொறுத்துக்கொள்ளலாம். வெறும் தூக்கமின்மையில் இது உதவுகிறது என்பதற்கான ஆய்வுகள் சிலவே, அவையும் சிறியவை. முதல் மருந்தாக இதை எழுத வேண்டாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013லேயே சொன்னது.

தொடங்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்று சுகர், ரத்தக் கொழுப்பு பார்க்க வேண்டும். பிறகு 4, 8, 12ஆம் வாரங்களில் எடை. 12ஆம் வாரம் ரத்தப் பரிசோதனை மீண்டும். கோத்தகிரி அம்மாவுக்கு 4ஆம் வாரமே எடை பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஊட்டி, ஒரு அண்ணன்: தம்பிக்கு இருமுனைக் கோளாறு, இரவில் 400 போடுகிறான். இதைப் படித்துப் பயந்து நேற்று கொடுக்கவில்லை. சரிதானே?

பதில்: இல்லை. இன்று இரவு வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவைக் கொடுங்கள், நேற்றையதையும் சேர்த்து இரட்டிப்பாக வேண்டாம். அவருக்கு இது தூக்க மாத்திரை இல்லை, நோயைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து. எடைக் கவலையை டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவுக்கு நீங்களாகத் திரும்பக் கூடாது, டாக்டர் சிறிதிலிருந்து ஏற்றுவார்.

கோத்தகிரி மகள்: ஒருநாள் கொடுக்காமல் பார்த்தோம். அம்மா விடிய விடிய விழித்திருந்தார். மாத்திரை இல்லாமல் முடியாது போலிருக்கிறதே?

பதில்: திடீரென நிறுத்தினால் தூக்கம் சில நாள் முன்னைவிட மோசமாகும். அதைப் பார்த்து 'மாத்திரை வேண்டும்' என்று முடிவு கட்டாதீர்கள். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாக இறங்குங்கள்: 37.5, பிறகு 25, பிறகு 12.5, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு வாரம். சாதாரண 25 மாத்திரையைப் பாதியாக உடைக்கலாம். அட்டையில் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்றிருந்தால் உடைக்கவே கூடாது, மெதுவாக வெளிவர வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

கூடவே படுக்கை நேரத்தைச் சுருக்குங்கள். எட்டரைக்கே கம்பளிக்குள் போய் ஐந்தரை வரை படுத்து, ஆறு மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால், பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழட்டும். பகலில் தூங்கக் கூடாது. தூக்கம் கெட்டியானதும் கால் மணி நேரமாக முன்னே நகர்த்தலாம். மதியத்துக்குப் பிறகு டீ வேண்டாம். சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். எடை ஏற ஏற அது மோசமாகும்.

கொலக்கம்பை, ஒரு செவிலியர்: ஒரே 25 மி.கி. ஒருவருக்கு எடையே ஏறவில்லை, இன்னொருவருக்கு ஆறு வாரத்தில் 3 கிலோ. முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: நம்பகமான வழி இல்லை. குடும்பத்தில் சர்க்கரை இருந்தால், இடுப்பு ஏற்கெனவே பெருத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஏறுகிறது. முதல் மாதத்தில் ஏறுகிற எடைதான் நமக்குக் கிடைக்கும் நல்ல எச்சரிக்கை. எப்போதாவது ஒரு நாள் 12.5 போடுவது பரவாயில்லையா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.